நகராத நானூற்றுப் பன்னிரண்டு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவளை ரிப்போர்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டெலிபோன் எடுக்கும் வேலைக்கு வந்தவள். கணக்கில் புலி என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். பதினான்கு வருடம் ஓடிவிட்டது. வீட்டில் கணவரும் மாமியாரும், கல்லூரிக்குப் போகும் மகளும். சம்பளம் உயரவில்லை, பெயர் மட்டும் உயர்ந்தது. அவள் போடும் கணக்கில் பிழை இருக்காது என்று ஊழியர்கள் அடித்துச் சொல்வார்கள். அந்த நம்பிக்கைதான் கடைசியில் எமனாக வந்தது.

நான்கு மண்டலங்களின் வேலையையும் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டை அவள்தான் செய்தாள். மேலே மண்டலத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல், கீழே நான்கு சார்ட். செய்த வேலை, எடுத்த நேரம், மாற்றிய பாகம் ஆகிய மூன்றும் சர்வீஸ் பதிவேட்டிலிருந்து வந்தன. நான்காவது சார்ட்டான வாடிக்கையாளர் புகார் மட்டும் கால் சென்டர் அனுப்பும் தனி ஷீட்டிலிருந்து வந்தது. முதலாளி அவசரப்படுத்தியதால் கடைசி நாளில் ஒட்ட வைத்தது அது. பதிவேட்டில் 'வடக்கு' என்று இருக்கும் மண்டலம் கால் சென்டர் ஷீட்டில் ஓர் எண்ணாக இருந்தது. இரண்டையும் பொருத்திப் பட்டியலோடு இணைத்தால்தான் அந்த சார்ட் பட்டியலின் பேச்சைக் கேட்கும். அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டவள், அதைச் சுத்தமாக மறந்தாள். 'அனைத்தும்' என்று வைத்துச் சரிபார்த்தாள். கூட்டுத்தொகை அச்சு அசலாகப் பொருந்தியது. அதோடு கையைக் கழுவினாள்.

ஆக, எந்த மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தாலும் நான்கு மண்டலங்களின் மொத்தப் புகார்தான் நின்றது: நானூற்றுப் பன்னிரண்டு. கிழக்கு மண்டலம் மூவாயிரம் வேலை செய்தது. அதற்கு அந்த எண் உறைக்கவில்லை. வடக்கு சின்ன மண்டலம். ஐந்நூற்றிருபது வேலைக்கு நானூற்றுப் பன்னிரண்டு புகார் என்றால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

வடக்கு மண்டலப் பொறுப்பாளர் அறுபதை நெருங்கியவர். ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, எங்க ஆளுங்க இவ்வளவு புகார் வாங்க வாய்ப்பே இல்லையே. ஒரு தடவை பாத்துச் சொல்றியா?"

"சார், அது கால் சென்டர்ல இருந்து நேரா வர்ற கணக்கு. நான் எதுவும் கைவைக்கிறதில்ல. உங்க பசங்களக் கேளுங்க."

சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாதக் கூட்டத்தில் முதலாளி 'வடக்கு' என்று அழுத்தினார். மூன்று சார்ட் குலுங்கி மாறின, நான்காவது அப்படியே நின்றது. ஒன்பது பேர் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. வடக்கின் பதினொரு மெக்கானிக்குகளையும் நீக்கிவிட்டு, வேலையை வெளியே ஒப்பந்தத்துக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

மூன்று வாரம் கழித்து, கிழக்கிலிருந்து ஒருவர் போன் செய்தார். "அக்கா, பழைய கணக்கைப் பாக்கும்போது தெரியாம தெற்கை அழுத்திட்டேன். அங்கயும் நானூத்திப் பன்னிரண்டுதான் காட்டுது. என்ன கூத்து இது?"

எண்ணுக்குப் பெயர் பொருத்தும் சின்னப் பட்டியலொன்று போட்டு, ஷீட்டை மேலே இருக்கும் மண்டலப் பட்டியலோடு இணைத்தாள். இருபது நிமிட வேலை. வடக்கை அழுத்தினாள். முப்பத்தொன்று.

முதலாளியிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சு. ஆளுங்களும் போயாச்சு. இனி இதக் கிளறாதே. சார்ட்டைச் சரி பண்ணிட்டேல்ல, அது போதும்."

போதாது. தப்பு தன்னுடையது என்று வடக்கின் பொறுப்பாளராக இருந்தவருக்காவது தெரிய வேண்டும். மொட்டை மாடிக்குப் போய், அவருக்குப் போன் போட்டாள். அழுதுகொண்டே ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டுவார், திட்டினால் தேவலை என்று காத்திருந்தாள்.

"முப்பத்தொண்ணா?"

"ஆமா சார்."

"கூட்டத்துக்கு முந்தின வாரம் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சேன்மா. முப்பது வருஷமா என்கூட இருந்தவன், மோட்டார் சத்தத்தை வச்சே பழுதைச் சொல்றவன், 'அண்ணே, எங்கமேல இவ்வளவு புகார் வராதுண்ணே'ன்னான். 'நீ பொய் சொல்லுவ, ரிப்போர்ட்டக்கா கணக்கு பொய் சொல்லாது'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். அப்புறம் அவன் வேலை போற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் வீட்டுப் படி ஏறுவேன், சொல்லு."