மூன்றாவது பீரியட்

அரையாண்டுத் தேர்வுக்கு ஹால் டியூட்டி போடுவது எங்கள் பள்ளியில் ஆறு வருடமாக என் வேலை. பன்னிரண்டாம் வகுப்புக்குக் காலையில் தேர்வு நடக்கும். கீழ் வகுப்புகளுக்குப் பாடமும் நடக்கும். யாருக்கு எந்தப் பீரியட் காலியோ, அந்தப் பீரியடில் அவர் ஹாலில் நிற்க வேண்டும். மணி அடித்ததும் அடுத்தவர் வந்து மாற்றிவிடுவார். மாற்ற ஆள் வராமல் ஹாலை விட்டு நகரக் கூடாது. அன்றைய பாடத்து ஆசிரியரை அன்றைக்கு ஹாலில் போடவும் கூடாது. இத்தனையையும் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே தாளில் அடக்குவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் இளம் ஆசிரியை ஒருத்தி, பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். குழந்தைக்கு நாலு மாதம். காலையில் அவளுக்கு மூன்றாவது பீரியட் மட்டும்தான் காலி. அதற்கு முந்தைய இடைவேளையையும் சேர்த்துக்கொண்டு ஸ்கூட்டரில் குருசுக்குப்பத்து வீட்டுக்குப் போவாள். பால் கொடுத்துவிட்டு நாலாவது பீரியடுக்கு வந்து நிற்பாள். தலைமை ஆசிரியர் இதற்கு வாய்வார்த்தையாகச் சம்மதித்திருந்தார்.

"அந்த ஒரு பீரியட் மட்டும் வேணாங்க்கா," என்று என்னிடம் வந்து கேட்டாள். "புட்டிய வாயிலயே வெக்க மாட்டேங்குது."

எனக்கும் மூன்றாவது பீரியட் காலிதான். அவளுக்குப் பதில் நானே நின்றிருக்கலாம். ஆனால் டியூட்டி போடுகிறவர் தன் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை என்று ஒரு வழக்கம். அதை ஆரம்பித்து வைத்ததே நான்தான். தவிர, என் பிள்ளைகள் இரண்டும் புட்டிப்பாலில் வளர்ந்தவை. எனக்கு யார் விட்டுக்கொடுத்தார்கள் என்ற வயிற்றெரிச்சலும் இருந்தது. ஆறு நாள்தானே என்று சொல்லிவிட்டு, ஆறு நாளும் அவளையே போட்டேன்.

நாலாம் நாள் மூன்றாவது பீரியட் முடிந்து மணி அடித்தும் அவளை மாற்ற வேண்டியவர் வரவில்லை. மாடியில் வகுப்பை இழுத்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் போன நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முந்தானையை இழுத்து முன்பக்கம் மறைத்தபடி சுவரோரம் நின்றிருந்தாள். பால் கட்டி ஜாக்கெட்டும் புடவையும் நனைந்திருந்தன. கடைசி வரிசைப் பையன்கள் ஒருவனை ஒருவன் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். உள்ளே போய், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போம்மா என்றிருந்தால் தீர்ந்தது. அவளும் என்னைப் பார்த்தாள். டீ ஆறிவிடும் என்று ஸ்டாஃப் ரூமுக்கு நடந்தேன்.

பொங்கல் கழிந்து திருப்புதல் தேர்வு வந்தது. தாளை விரித்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பீரியடுக்கு ஒரு ஹாலுக்கு ஆள் இல்லை. அவள் வந்து மேசைக்கு எதிரே நின்றாள்.

"மூணாவதுல என்னையே போட்டுக்குங்கக்கா. நான் இப்ப வீட்டுக்குப் போறதில்ல. பசி தாங்காம புட்டிக்குப் பழகிடுச்சு. எங்கிட்ட குடிக்க மாட்டேங்குது."

அவள் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பென்சிலை எடுத்து அவள் பெயரை எழுதினேன். அப்போது எனக்கு முதலில் வந்தது, ஆள் கிடைத்துவிட்ட நிம்மதிதான்.