கையில்லாத ஆசி

ஐபெரிக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மாஸ்கோவில் கட்டட வேலை பார்க்கிற புருஷன் உலார்பெக், இலையுதிர் காலத்தில் ஊர் திரும்புவேன் என்று பெரியவர்கள் காதுபட ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவன் போனபோது வயிற்றில் இருந்த எமிர் இன்றைக்கு நடக்கப் போகிறான். பிள்ளை நடக்கிற நாளில் காலில் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றைக் கட்டுவார்கள்; ஓடிவந்து முந்துகிறவர் அதை அறுப்பார். அதற்கு முன்னால் தகப்பன் இரண்டு கையையும் ஏந்தி ஆசி சொல்லவேண்டும். தகப்பன் போனுக்குள் இருந்தால் போனுக்குள்ளிருந்து.

அந்த மலையடி ஊரில் சிக்னல் என்பது தெற்குப் பக்க வேலிக்கம்பத்தில் மட்டும்தான். ஐபெரி போனைக் கயிறு போட்டு அதில் கட்டினாள். ஊரில் யாருக்கு வீடியோ கால் திக்கினாலும் ஓடிவருவது அவளிடம்தான். மாமியார் சைகலுக்கு அதுவும் ஆகாது. "மாடு கறக்கத் தெரியல, போன் தடவத் தெரியுது" என்பாள்.

வீடியோ கால் இணைந்தது. உலார்பெக்கின் பின்னால் ஏதோ ஏரியும் மலையுமாக ஒரு படம். அவன் அசைந்தால் ஒரு காது காணாமல் போயிற்று. பேச்சு ஓரிடத்தில், உதடு ஓரிடத்தில்.

"பின்னாடி போட்டிருக்கிற படத்த எடுத்துடுங்க. பழைய போன், அதால இழுக்க முடியல. சூடாயிருக்குமே?"

"ரூம்ல பசங்க தூங்கறாங்க, ஒரே குப்பை. இருந்துட்டுப் போகட்டும்."

"விடேன்டி, முகம் தெரியுதில்ல" என்றாள் சைகல்.

ஐபெரியும் விட்டிருப்பாள். ஆனால் அவன் ஆசி சொல்லக் கைகளைத் தூக்கியதும் ஏரி வந்து இரண்டு கையையும் விழுங்கிவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே வெறும் தண்ணீர். வந்தவர்கள் சிரித்தார்கள். குடும்பத்துக்கே மூத்த பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"கையே இல்லாத ஆசிய எவன் வாங்குவான்? பிள்ளைக்கு ஆகாது. படத்த எடுடா."

போனை நோக்கிப் போன சைகல் பாதியில் நின்றாள். பெரியப்பா சொன்னதற்கு மறுபேச்சு இல்லை.

லைன் அறுந்துவிடக்கூடாதே என்று ஐபெரி தவித்தாள். தன் போனிலிருந்து இணையம் வாங்கிப் படம் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாரின் போனை அந்த இணைப்பிலிருந்து கழற்றிவிட்டாள். தன் கேமராவையும் அணைத்தாள், இருக்கிற கொஞ்சம் சிக்னலும் அவன் முகத்துக்கே வரட்டும் என்று. "இப்ப அமைப்புக்குள்ள போங்க, பின்னணின்னு இருக்கும், 'ஒண்ணும் வேணாம்'னு அமுக்குங்க" என்று குரலாலேயே அவனை நடத்தினாள். பாவி மகள், எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள்.

ஏரி போயிற்று. முதலில் மங்கலாக ஒரு சுவர், அதன்மேல் சிவப்பும் கறுப்புமாய்ச் சில கட்டங்கள். அப்புறம் படம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

கொடியில் ஒரு ஒட்டுத்துணிப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. கைக்குழந்தைக்கு ஆகிற அளவு. பக்கத்தில் ஒரு ஜோடி குட்டிக் காலுறை. போர்வையின் மூலையில் ஒரே ஒரு நீல முக்கோணம். கறுப்புத் துணி போதாமல், தன் கல்யாண முக்காட்டில் வெட்டி ஐபெரிதான் அதைத் தைத்தாள். ஓஷ் நகரத்தில் இருக்கும் தூரத்து உறவுக்காரி பிள்ளைக்கு என்று சொல்லிக் குளிர்காலம் முழுக்கத் தைக்க வைத்தவள் சைகல்.

ஐபெரி திரும்பி மாமியாரைப் பார்த்தாள். "அத்தே, அந்தப் போர்வ..."

சைகல் குரலைத் தாழ்த்தினாள். "அங்க அவனுக்குப் பொண்ணு பிறந்திருக்கு. உன் தையல் அதோட அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். படத்த எடு எடுன்னு நின்னது நீதானே? மூஞ்சியத் தொடச்சுட்டுக் கேமராவப் போடு, ஆளுங்க காத்திருக்காங்க."

மற்றவர்களுக்கு அது சுவரில் ஏதோ துணி. உலார்பெக் இரண்டு கையையும் ஏந்தி நல்ல வார்த்தையாக நாலு சொன்னான். ஐபெரி கேமராவைப் போட்டாள். பிள்ளைகள் ஓடிவந்தார்கள், கயிறு அறுந்தது, எமிர் தத்தித் தத்தி அம்மாவை நோக்கி வந்தான்.

"எப்படா ஊருக்கு வர்றே?" என்று கேட்டார் பெரியப்பா.

லைன் அறுந்து போகட்டும், படம் உறைந்து போகட்டும் என்று ஐபெரி மனசார வேண்டினாள்.

"இலையுதிர் காலத்துல வந்துடறேன் பெரியப்பா. ஐபெரி கை பட்டா லைன் எவ்வளவு நல்லா நிக்குது பாருங்க."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் நீலத் துண்டும் ஒரு தடவைகூடத் திக்காமல் தெரிந்தன.