யன்னல் பக்கம் தலை வைக்காத கவி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும், நடந்ததில் பாதி மறந்தும் போய்விட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சியின் கவியைப் பற்றி ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்பதால்தான் உட்கார்ந்தேன்.

என் தங்கச்சி இறக்காமத்தில் இருந்தாள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகும் அவருடைய வயலை விட்டு வரவில்லை. குளத்துக்குப் போகிற பாதையில் கடைசி வீடு அவளுடையது. பிள்ளைகள் இல்லை. நான் கல்முனையில் மகளோடும் மருமகனோடும் இருக்கிறேன். எங்களுக்குள் சின்ன வயதிலிருந்தே கவி பாடுவது ஒரு பழக்கம். நாலு அடிதான். முந்தி ஆள் போனால் சொல்லி அனுப்புவோம், இப்போது அவள் போனில் பாடி அனுப்புவாள். மகள் எனக்குப் போட்டுக் காட்டுவாள்.

பெரும்போக அறுவடைக்குக் கொஞ்சம் முந்தி ஒரு கவி வந்தது.

இதயம் வெடித்து உதிரம் பெருகுதடி
கண்ணீர்க் கடலிலே காலம் கரையுதடி
வேதனைத் தீயில் வெந்து கருகுகிறேன்
விதியின் சிறையிலே வீழ்ந்து கிடக்கிறேன்

மகள் கேட்டுவிட்டு அழுதாள். மருமகன் வேனை எடுத்தார். எல்லோரும் போனோம். எனக்கு மட்டும் பதற்றம் வரவில்லை, அது ஏன் என்றும் அப்போது சொல்லத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் தங்கச்சி அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னகா, எல்லாரும் படையெடுத்து வந்திரிக்கீங்க?” என்றாள்.

“உதிரம் பெருகுதெண்டு பாடினீங்களே சாச்சி,” என்றாள் மகள்.

“அதா? எங்கட பொம்புளையள்ற போன் குழுவில சோகக் கவி கேட்டாளுகள். ஆர்ட அழுகை பெரிசு எண்டு பாக்கிறாளுகள் போல. நானும் ஒண்டு எடுத்து உட்டன்.”

மருமகன் உட்கார்ந்தார். மீனைச் சாப்பிட்டார். வரும் வழியில் வேனில், “இனி கவி வந்தா கவியாத்தான் கேக்கணும்,” என்று மகளிடம் சொன்னார். முன் இருக்கையிலிருந்து எனக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

அன்றைக்கே எனக்கு மனதுக்குள் விளங்கியது. அந்தக் கவியில் முதலாம் அடியைக் கடைசியில் போட்டாலும் ஒன்றும் கெடாது. கடைசி அடியை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது. வாயைத் திறந்தவுடனே இதயம் வெடித்துவிட்டால், பிறகு வெடிக்க என்ன இருக்கிறது? அதில் தங்கச்சியின் வீடும் இல்லை, அவளுடைய வாசல் வேம்பும் இல்லை, கையும் இல்லை. உலகத்தில் யாரும் பாடலாம். துக்கம் வந்திருக்கிறது என்று தண்டோரா போட்டது, துக்கத்தைக் காணவில்லை.

பிறகு அறுவடை முடிந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம் லுகர் தொழுகைக்குப் பிறகு, அடுத்த கவி வந்தது.

வேலிக் கம்பி ஒருபக்கம் விழுந்தாப்போல சாஞ்சிரிக்கி
வேம்படியில் ஆளுயரம் மிஞ்சிச் சேறு பூசிரிக்கி
நெல்லு மூட்டை நாலையும் நான் படுக்கும் அறைக்கெடுத்தன்
யன்னல்பக்கம் தலைவைக்க நேத்தோட உட்டுட்டன்

மகள் சிரித்தாள். “நெல்லு வீட்டுக்க வந்திட்டுதாம் உம்மா. சாச்சிக்கு நல்ல வெளைச்சல்.” போனில் ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டி அனுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

நான் மகளைக் கூப்பிட்டுத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். முதல் அடியில் வேலி. இரண்டாவதில் வாசல் வேம்பு. மூன்றாவதில் அறை. நாலாவதில் தலை. ஒவ்வோர் அடிக்கும் ஏதோ ஒன்று அவளைக் கிட்ட நெருங்கி வருகிறது. அது என்ன என்று அவள் சொல்லவேயில்லை. பயம் என்ற சொல்லும் இல்லை. குளத்தில் புரண்டுவிட்டு வந்து, ஆளைவிட உயரத்தில் மரத்தில் சேறு பூச எதனால் முடியும்? நெல் மணத்துக்கு அது சுவரை உடைக்கும் என்று இறக்காமத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். வெளியே வைத்தால் அள்ளிக்கொண்டு போகும் என்று அவள் மூட்டையைத் தன் பக்கத்துக்கே எடுத்துவிட்டாள். நான் கடைசி அடியை மனதில் மூடிப் பார்த்தேன். மூடியும் அது வந்து நின்றது. மற்ற மூன்றும் அந்த இடத்துக்குத்தான் நடந்து வந்திருந்தன. குரலும் அழவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிப் பாடியிருந்தாள்.

இதை உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வேனுக்குரியவர் மருமகன். மருமகனோடு நேருக்கு நேர் நின்று கதைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. மகளின் கல்யாணம் முடிந்த நாள் தொட்டு, அறை வாசலில் தொங்கும் சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் ஏதும் சொல்லுவேன், அதுவும் மகளை வைத்து. அசர் தொழுதேன். பிறகும் பேசாமல் இருந்தேன். வெயில் சரிந்து, மருமகன் வாடகை ஹயர் ஓடி முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் சீலைக்குப் பின்னால் போய் நின்றேன்.

“புள்ள, சாச்சியக் கூட்டி வரச் சொல்லு,” என்றேன்.

மகள் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டுவிட்டார். “மாமி, போன தரம் ரத்தம் ஓடுதெண்டு பாடினா. போனா மீன் பொரிச்சிட்டிருந்தா. இப்ப நெல்லு மூட்டை எண்டு பாடுறா. இதுக்கு ஓடணுமா?”

“அதுக்குத்தான் ஓடணும்,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அது சும்மா சொல்லு. பெரிய பெரிய சொல்லு. இதுல அவ அழவே இல்ல. வேலி, மரம், அறை, தலை எண்டு உள்ளுக்கு உள்ளுக்கு வாறா.”

“யன்னல் பக்கம் தலை வெக்காட்டி என்ன மாமி? காத்துக் கூதலாக்கும்.”

“அது எந்தப் பக்கத்தால வரும் எண்டு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.”

சீலைக்கு அந்தப் பக்கம் கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “நேத்தோட எண்டா சொன்னா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“இப்ப இருட்டுப் படுது. அந்தப் பாதையில வேன் போகேலா. சுபஹோட போவம்.”

மகள் போன் எடுத்தாள். அடித்தது, ஆள் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தபோது அடிக்கவும் இல்லை.

விடிந்து போனோம். வயல்வெளி முழுதும் பனி. தூரத்திலேயே வேம்பு தெரிந்தது, அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய யன்னல் தெரியவில்லை. யன்னல் பக்கச் சுவர் முழுதும் உள்ளே விழுந்திருந்தது. தலை வைக்கிற இடத்தில் கல் குவிந்திருந்தது. மூட்டை ஒன்றும் இல்லை, நெல் வாசல் வரை சிந்திக்கிடந்தது. பக்கத்து வயல்காரர் அவளைத் தூக்கித் தன் குடிலில் கிடத்தியிருந்தார். மறுபக்கம் தலை வைத்துப் படுத்ததால் காலில்தான் கல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே அந்தக் கால் இனி நேராகாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மருமகன் அவளைத் தூக்கி வேனில் வைத்தார். “சாச்சி, யானை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“கவியில அப்பிடிச் சொல்லுவாங்களா மகன்?” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்தாள். “ராத்தாக்கு விளங்கும் எண்டு தெரியும்.”

எனக்கு விளங்கியது. லுகருக்கே விளங்கியது. சீலைக்குப் பின்னால் நின்று பொழுதைப் போக்கினேன் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது எங்களோடுதான் இருக்கிறாள், பொல்லு ஊன்றி நடக்கிறாள். அடுத்த விதைப்புக்குப் போகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சுவரை மேசன் எழுப்பிவிட்டாராம். அந்த யானையை இன்னும் குளத்தடியில் காண்கிறார்களாம்.

ஒரு விசயம். இரண்டாம் அடியை ஞாபகத்தில்தான் எழுதினேன். ஆளுயரம் என்றா பாடினாள், கூரையுயரம் என்றா பாடினாள் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கூரையுயரம் என்றால் ஒரு நிமிசமும் நான் பொறுத்திருக்கக் கூடாது. தங்கச்சியிடமோ மகளிடமோ கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குரல் மகளின் பழைய போனில் இருக்கிறது, அதைத் திறக்க எனக்குத் தெரியாது. இதை வாசிக்கிற பிள்ளைகள் யாராவது எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால், அதைப் போட்டுக் கேட்டு, எது சரி என்று எனக்குச் சொல்லுங்கள்.