பிள்ளையாருக்கும் சேர்த்துச் சம்பளம்

சுந்தரராஜுலுவுக்கு அந்த மில் ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை. பதினேழு வருஷமாக அதேதான். ஆபீஸில் மற்ற எல்லாருடைய பேச்சையும் நடித்துக் காட்டிவிடலாம். முதலாளி பொங்கியண்ண கவுண்டர் பேசுவதற்கு முன் மூக்கை உறிஞ்சுவது, பெரிய குமாஸ்தா செங்கோட்டையன், கையில் இல்லாத மூக்குப்பொடி டப்பாவைத் தட்டுவதுபோலப் பேசுவது, எல்லாம் நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும். ராஜுலு குரல் மட்டும் அகப்படாது. அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "மழை பேயுதுங்க" என்பதையும் "மாமனார் செத்துப்போட்டாருங்க" என்பதையும் ஒரே மாதிரி சொல்லுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் ஒரு வியாழக்கிழமை காலை, தபாலில் ஒரு கார்டு வந்தது. காரமடையிலிருந்து தம்பிதுரை என்பவன் எழுதியிருந்தான். பஞ்சுக் கணக்கு எழுதும் குமாஸ்தா வேலைக்கு மில் எடுத்திருந்த ஆள். "தாங்கள் அன்புடன் அளித்த மாதச் சம்பளம் ரூபாய் இருபத்தைந்துக்கு மிக்க வந்தனம். வருகிற வெள்ளிக்கிழமை, இப்போது வேலை செய்யும் மண்டியில் சொல்லிக்கொண்டு விலகுகிறேன். ஒன்றாம் தேதி வந்து சேருகிறேன்."

ராஜுலு கார்டை இரண்டு தரம் படித்தார். ராஜுலுவின் சம்பளமே இருபத்திரண்டு.

மேசை டிராயரிலிருந்து முதலாளி கொடுத்த துண்டுச் சீட்டை எடுத்தார். பெயரையும் ஊரையும் முதலாளி வாயால் சொல்லிவிட்டு, சம்பளத்தை மட்டும் அதில் எழுதிக் கொடுத்திருந்தார். கவுண்டர் பழைய கணக்குப் பிள்ளைகளிடம் படித்தவர். தமிழ் இலக்கம்தான் போடுவார். பத்துக்கு ௰, ஐந்துக்கு ௫. இரண்டையும் சேர்த்து ௰௫ என்றால் பதினைந்து. ஆனால் பிள்ளையார் சுழி போடாமல் அவர் எதையும் எழுதமாட்டார், சோப்பு வாங்கும் சீட்டுக்குக்கூட. அன்று கிடைத்த காகிதத் துண்டில் மேலே இடம் இல்லை. சுழியை இடப்பக்கம், இலக்கத்தோடு ஒட்டிப் போட்டுவிட்டார். சுழியும் தமிழ் இலக்கம் இரண்டும் (௨) ஒரே உருவம். ௨௰௫. இரண்டு பத்தும் ஐந்தும்.

ராஜுலுவின் கை அதை அப்படியே படித்து, இங்கிலீஷில் இருபத்தைந்து என்று அடித்துவிட்டது. அடியில் முதலாளி கையெழுத்துப் போட்டார். முதலாளிக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

ராஜுலு கார்டையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், நடந்ததைச் சொன்னார்.

கவுண்டர் மூக்கை உறிஞ்சினார். "ஏனுங்க ராஜுலு, பிள்ளையாருக்கும் சேத்துச் சம்பளம் போட்டுபோட்டீங்களா?"

"ஆமாங்க. என்ற தப்புங்க. இருபத்தஞ்சுன்னதும் ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுங்க. கேக்கலீங்க."

"அந்தப் பையனுக்கு இருபத்தஞ்சு குடுத்தா, நாளைக்கு ஆபீஸ் மொத்தமும் என்ற மேசை முன்னால வந்து நிப்பீங்க. மொதல் ஆளா நீங்க நிப்பீங்க."

"நிப்பனுங்க" என்றார் ராஜுலு.

செங்கோட்டையன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இதுக்கென்னுங்க இத்தன ரோசனை? வந்து சேரட்டுமுங்க. மண்டிய உட்டுட்டு வந்தவன் எங்க போவான்? மொதச் சம்பளத்தன்னிக்கு மெதுவாச் சொல்லிப்போட்டா முடிஞ்சுதுங்க."

"எங்கயும் போகமாட்டானுங்க. நம்மள நம்பவும் மாட்டானுங்க" என்றார் ராஜுலு, மழை பெய்கிறது என்கிற அதே குரலில். "கணக்கு எழுத வர்ற ஆளுங்க. நம்ம எழுத்த அவன் நம்பாட்டி, அவன் எழுத்த நாம எப்படீங்க நம்பறது?"

கவுண்டர் சீட்டை ராஜுலுவிடமே நீட்டினார்.

"இன்னிக்கே காரமடைக்குப் போய்ச் சொல்லோணும்ங்கறீங்களா?"

"நாளைக்கு மண்டியில சொல்லிப்போடுவானுங்க. அப்பறம் போனா, இருக்கற வேலையப் புடுங்கிக்கிட்டுச் சொன்ன மாதிரி ஆயிருமுங்க. ஒருவேள இன்னிக்கே சொல்லியிருந்தா என்னுங்க செய்யறது?"

"நம்ம எழுத்த நம்பி வேலைய உட்டிருந்தா, இருபத்தஞ்சையே குடுத்துத் தொலைக்க வேண்டியதுதான். உடலீன்னா பதினஞ்சு. இடையில அவனுக்கு வேற ஏதாச்சும் நட்டமானா அது மில்லுக் கணக்கு. புதுக் கடுதாசி அடிங்க. இந்தவாட்டி இலக்கத்துலயும் எழுத்துலயும் போடுங்க. படிச்சுக் காட்டுங்க, அப்பறந்தான் கையெழுத்து."

புதுக் கடிதத்தில் அன்றைய தேதி இருந்தது. முந்திய கடிதத்தின் தேதியைச் சொல்லி, அதில் கண்ட சம்பளம் ஆபீஸ் தவறு என்றும், சரியான சம்பளம் பதினைந்து ரூபாய் என்றும், வேலையும் சேரும் நாளும் முன்பு சொன்னபடியே என்றும் அடித்தார். நான்கே வரி.

மத்தியான ரயிலில் காரமடைக்குப் போனார். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கூடைக்காரி அவர் காலை மிதித்துவிட்டு, "பாத்து உக்காரப்படாதுங்களா?" என்று அவரையே ஏசினாள். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தம்பிதுரை அப்போதுதான் வெல்ல மண்டியிலிருந்து சாப்பிட வந்திருந்தான். மில்லிலிருந்து ஆள் என்றதும் அவன் மனைவி பொன்னாத்தாள் பாயை உதறிப் போட்டு, மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"மண்டியில சொல்லிப்போட்டீங்களா?" என்று கேட்டார் ராஜுலு.

"நாளைக்குத்தானுங்க."

"அப்ப மோரக் குடிக்கறதுக்கு முந்தி விசயத்தச் சொல்லிப்போடறனுங்க. உங்க சம்பளம் இருபத்தஞ்சு இல்லீங்க. பதினஞ்சு. தப்பு நாஞ் செஞ்சது."

பொன்னாத்தாள் புருஷனைப் பார்த்தாள். தம்பிதுரை புதுக் கடிதத்தை வாங்கிப் பார்த்தான். ராஜுலு துண்டுச் சீட்டைப் பாயில் வைத்து, சுழியை விரலால் மறைத்துக் காட்டினார். பிறகு விரலை எடுத்துக் காட்டினார். மறுபடியும் மறைத்தார்.

"பிள்ளையாரு பத்து ரூவா குடுத்தாரு, நீங்க வந்து வாங்கிக்கிட்டீங்க" என்றாள் பொன்னாத்தாள்.

"வாடக வீட்டுக்கு மூணு ரூவா அட்வான்ஸ் குடுத்துப்போட்டனுங்க, சிங்காநல்லூர்ல" என்றான் தம்பிதுரை.

"அந்த வீடு வேண்டாமுன்னா அந்த மூணு ரூவாய மில்லு குடுக்குமுங்க. மொதலாளி சொல்லித்தான் அனுப்பிச்சாருங்க."

"பழைய கடுதாசிய வாங்கிட்டுப் போக வந்தீங்களாக்கும்?"

"இல்லீங்க. ரண்டும் உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க."

"இத ஒரு கார்டுல எழுதிப் போட்டிருக்கலாமுங்களே. மெனக்கெட்டு ரயிலேறி வந்திருக்கறீங்க."

"கார்டுகிட்டத் திருப்பிக் கேள்வி கேக்க முடியாதுங்களே."

தம்பிதுரை இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மண்டியில் அவனுக்குப் பதினொன்று. நாலு ரூபாய் கூடத்தான். ஆனால் மூன்று நாளாக அவனும் பொன்னாத்தாளும் இருபத்தைந்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

"கேள்வி கேக்கலாமுன்னா ஒண்ணு கேக்கறனுங்க. உங்குளுக்கு எத்தன சம்பளமுங்க?"

ராஜுலு இதை எதிர்பார்க்கவில்லை. இருந்தும் குரல் மாறவில்லை.

"இருபத்திரண்டுங்க. பதினேழு வருசத்துக்கு அப்பறமுங்க."

பொன்னாத்தாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தம்பிதுரை அவரையே பார்த்தான்.

"என்ற கடுதாசிய அடிக்கறப்ப, இவனுக்கு நம்மளவிடக் கூடயான்னு தோணலீங்களா?"

"தோணலீங்க" என்றார் ராஜுலு. சற்று நிறுத்திச் சொன்னார்: "எனக்கு இப்பெல்லாம் ஒண்ணும் தோணறதில்லீங்க."

அவர் மோரைக் குடித்தார். "இன்னிக்கே முடிவு சொல்லோணுமுன்னு இல்லீங்க. வர்ற வியாழன் வரைக்கும் வேற ஆள் தேடமாட்டமுங்க. வேண்டாமுன்னாலும் ஒரு வரி போடுங்க, யாரும் கோவிச்சுக்கமாட்டாங்க. அதுவரைக்கும் மண்டியில வாயத் தொறக்காதீங்க."

தம்பிதுரை ஸ்டேஷன் வரை கூட வந்தான். கோயமுத்தூர் வண்டி வந்து நின்றது. ராஜுலு ஏறி உட்கார்ந்து, "வாரனுங்க" என்றார்.

கீழே நின்றவன், "வாரனுங்க" என்றான்.

வண்டி நகர்ந்தது. இரண்டு ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் ராஜுலுவுக்கு உறைத்தது. புறப்படுகிறவன்தான் வாரேன் என்பான். நின்று வழியனுப்புகிறவன் போய்ட்டு வாங்க என்பான்.

மறுநாள் காலை ஆபீஸில் செங்கோட்டையன், கையில் இல்லாத பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே கேட்டார். "என்னுங்க, ஆளு என்ன சொன்னான்?"

"வர்றானாமுங்க" என்றார் ராஜுலு. சொல்லிவிட்டு, மெஷினில் காகிதத்தைச் சொருகினார்.