எஸ் குடு

சிதம்பரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் மச்சானின் கம்ப்யூட்டர் ஒரு நாள் கண்ணை மூடிவிட்டது. உள்ளேயிருந்த டிஸ்க் செத்துப்போயிருந்தது. கடலூரில் என் சர்வீஸ் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் புது டிஸ்க் மாட்டினேன். விண்டோஸ் ஏற்றப் பையில் கைவிட்டால் பென்டிரைவைக் காணோம், கடையிலேயே விட்டிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த எரிச்சலில் மச்சான் மேல் எரிந்து விழுந்தேன்.

மச்சானுக்கு அவசரம். பத்து நாள் முன்பு அவர் ஒரு கல்யாணத்தைப் படமெடுத்திருந்தார், அந்தப் பெண்ணின் அப்பா இப்போது திடீரென்று இறந்துபோயிருந்தார். கருமாதிக்கு மாட்ட ஒரு படம் வேண்டும், அதைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட அந்தக் கம்ப்யூட்டர்தான் வேண்டும். படமெடுத்துக்கொள்ளவே பிடிக்காத மனிதராம், அந்தக் கல்யாணத்தில்தான் கேமராவில் மாட்டினாராம். முகூர்த்த மாதத்தில் எந்த ஸ்டூடியோவிலும் கேமரா கார்டை அழித்தால்தான் அடுத்த கல்யாணத்துக்குப் போக முடியும். கார்டுகளை அழித்தாயிற்று. டிஸ்க்கும் போயிற்று. அந்தக் கல்யாணப் படங்கள் மிச்சமிருந்தது ஒரே ஒரு பென்டிரைவில்.

மறுநாள் காலை நான் கடையிலிருந்தே போனில் வழி சொன்னேன். விண்டோஸ் ஃபைலை லேப்டாப்பில் இறக்கி, காலியான பென்டிரைவில் காப்பி செய்து சொருகியிருக்கிறார். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை.

காப்பி செய்தால் எப்படி எழும்? புது டிஸ்க்கில் ஒன்றுமே கிடையாது, கம்ப்யூட்டர் தன்னைத் தானே கிளப்பிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து ஒன்று கிளப்ப வேண்டும். அதற்குப் பென்டிரைவில் கிளப்பும் ஃபைல் அதற்குரிய இடத்தில் இருக்க வேண்டும். இறக்கிய ஃபைல் ஒட்டிய பார்சல் மாதிரி, அப்படியே போட்டால் உள்ளே இருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்கென்று இருக்கும் மென்பொருள்தான் பார்சலைப் பிரித்து அடுக்கும். அடுக்கும் முன் பென்டிரைவைச் சுத்தமாகத் துடைக்கும். அதனால் மற்ற பென்டிரைவையெல்லாம் முதலில் பிடுங்கிவிட வேண்டும். டிரைவ் எழுத்தையும் அளவையும் இரண்டு முறை பார்க்க வேண்டும். கடைக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குச் சொல்லவில்லை. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். மச்சான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மென்பொருளை இறக்கச் சொல்லி, அது கேட்கும் இடத்திலெல்லாம் ஜிபிடி வை, யுஇஎஃப்ஐ வை, ஸ்டார்ட் கொடு என்று விரட்டினேன்.

"இதுல இருக்கறதெல்லாம் அழிஞ்சிரும்னு சொல்லுது மச்சான்."

"அழியத்தான் வேணும். எஸ் குடு."

கொடுத்துவிட்டேன் என்றார்.

அரைமணி கழித்து மறுபடி கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. கல்யாணப் பென்டிரைவைத் திறந்தால் விண்டோஸ் செட்டப் என்று வருகிறதாம். காலிப் பென்டிரைவில் காப்பி செய்த ஃபைல் அப்படியே இருக்கிறதாம். படம் பொறுக்குவதற்காக அதையும் லேப்டாப்பில் சொருகி வைத்திருந்திருக்கிறார். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே முப்பத்திரண்டு ஜிபி.

பிடுங்கி வை, அதில் ஒரு எழுத்துகூட ஏற்றாதே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும் வரை மனசுக்குள் கணக்குப் போட்டபடி இருந்தேன். விண்டோஸ் எழுதியது ஆறு ஜிபிதான். அதற்குப் பின்னால் இருக்கிற படங்கள் பிழைக்கும். முன்னால் இருந்தவை போனது போனதுதான்.

"முதல்ல எத ஏத்துன?" என்று கேட்டுக்கொண்டேதான் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தேன்.

"முகூர்த்தம்" என்றார்.

மீட்டெடுக்கும் மென்பொருளைப் போட்டுவிட்டு இருவரும் திரையையே பார்த்திருந்தோம். சாயங்காலம் பந்திப் படங்கள் வந்தன, மண்டப வாசல் வந்தது, சொந்தக்காரர்கள் வந்தார்கள். தாரை வார்த்த படம் ஒன்றுகூட வரவில்லை. நானூறு படத்தில் பெண்ணின் அப்பா ஒரே ஒரு படத்தில் இருந்தார். சாம்பார் வாளியோடு குனிந்த முதுகு.

அந்தப் பெண் வந்தாள். தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. படங்களைக் கடைசிவரை பார்த்தாள், திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

"எங்கப்பா மூஞ்சி எங்கண்ணா?"

மச்சான் எழுந்து நின்றார். "நான்தான்மா. தெரியாம எஸ் குடுத்து அழிச்சிட்டேன்."

அவள் அவரைத் திட்டவில்லை. அழுதாள். அவர் தலைகுனிந்து நின்றார். ஒரு கணம் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. எஸ் கொடுக்கச் சொன்னது நான்தான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன்.

கருமாதிக்கு நானும் போனேன். வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கண் எது, மூக்கு எது என்று தெரியாத சாம்பல் நிறம். பூப் போட்டுக் கும்பிட்டேன். அந்தப் பெண் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.