நடுவில் இருக்கும் ஷிப்ட்

வாசலூர்பட்டி விடுதிச் சமையலறையில் மாதக் கடைசியில் ஷிப்டை நாங்களே தேர்ந்தெடுப்போம். சீனியருக்கே முதல் உரிமை. சீனியர் அக்காவின் வீடு பக்கத்திலேயே இருந்ததால், காலையில் பாதி, மாலையில் பாதி என்று வரும் ஷிப்டைத்தான் எப்போதும் எடுப்பார். ஒரேயடியாக மதியத்தோடு முடியும் ஷிப்டில் ஒரே இடம். அது அடுத்த ஆளான எனக்கு. என் ஊருக்கு நடுவில் போய்த் திரும்ப பஸ் கிடையாது.

அன்று மேனேஜர் கேட்டதும் அக்கா, "மதியத்தோட முடியறதுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்கக்கா, ஊட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இப்படிப் பண்றீங்க? நடுவுல நான் எங்க போறது?" என்று கத்தினேன்.

"எங்கயும் போகாம உக்காந்திரு, கண்ணு. நான் நடுவுல ஊட்டுக்குப் போனா மாடு, சமையல், படுத்திருக்கிற மாமனார். நடுவுல இருக்கிற அந்த ஊட்டு ஷிப்டை எனக்குப் பதிலா எடுக்கத்தான் ஆளில்லை."