லொறி கைமாறிய மாதம்

மகளுக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். டெங்கு இல்லை என்று சொன்னார்கள். நம்பலாமா, இன்னொரு தரம் பார்க்கச் சொல்லட்டா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. எங்கள் ஐஸ் தொழிற்சாலையின் வாகனப் பொறுப்பாளர். கிண்ணியாக்காரர். எல்லோருக்கும் அவர் நானா, மூத்த அண்ணன் மாதிரி.

"தங்கச்சி, லொறி வித்ததில ரெண்டரை லட்சம் நட்டமெண்டு நீங்களா எழுதினீங்க?"

"யார் சொன்னது நானா?"

"முதலாளி பேப்பரைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறார். வாங்கினவன்ட கையில இருந்து நான் கொமிசன் அடிச்சிட்டேனாம். பின்னேரத்துக்குள்ள கணக்குச் சரியில்லாட்டி நாளைக்கு வரவேண்டாமாம்."

மகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் விட்டுவிட்டுத் துறைமுகப் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறினேன். அவர் இரவுப் பணி முடித்து வந்து இன்னும் படுக்கவில்லை. "போ, நான் பாக்கிறன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போவது சரியா என்று பஸ் புறப்பட்ட பிறகும் எனக்குத் தெரியவில்லை.

நான் அந்த வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான். பிள்ளை பிறந்தபின் வீட்டோடு இருந்துவிட்டுத் திரும்பவும் கணக்கு வேலைக்கு வந்திருந்தேன். நிரந்தரமாக்குவது பற்றி யாரும் கதைக்கவில்லை. லொறி விற்பனை எனக்கு முன்பிருந்தவர் காலத்து விஷயம். பழைய குளிரூட்டி லொறி, மீன் ஏற்றுவது. இறக்கக்கண்டி மீன் வியாபாரி ஒருவர் இருபத்தொன்றரை இலட்சத்துக்கு வாங்கியிருந்தார். அந்தப் பணம் வங்கிக்கு வந்ததும் 'வாடிக்கையாளர் முற்பணம்' என்று பதிந்து அப்படியே விட்டிருந்தார்கள். பெயர் மாற்றம் முடியட்டும் என்று காத்திருந்திருப்பார்கள். டிசம்பரில் அதை ஒழுங்காக்குவது என் கைக்கு வந்தது.

லொறியின் கொள்விலை அறுபது இலட்சம். பத்து வருடத்தில் தேய்ந்துவிடும் என்று எடுத்து, வருடத்துக்கு ஆறு இலட்சம், அதாவது மாதத்துக்கு ஐம்பதாயிரம், பெறுமானத் தேய்வு கழித்து வந்தோம். மார்ச் முடிவில் ஆறு வருடம் முடிந்து, திரண்ட தேய்வு முப்பத்தாறு இலட்சம். நான் விற்ற சொத்துக்கென அகற்றல் கணக்கு ஒன்று திறந்து, இடது பக்கம் கொள்விலை அறுபதைப் போட்டேன். வலது பக்கம் முப்பத்தாறையும் விற்ற பணம் இருபத்தொன்றரையையும் போட்டேன். இடது பக்கம் இரண்டரை இலட்சம் மிஞ்சி நின்றது, அதாவது நட்டம்.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. ஏப்ரலில் தொடங்கிய புது நிதியாண்டில், லொறி கைமாறும்வரை எத்தனை மாதம் எங்களிடம் இருந்ததோ அத்தனை மாதத் தேய்வையும் அதில் சேர்க்க வேண்டும். எங்கள் கணினியில் தேய்வு வருட முடிவில்தான் தானாக ஓடும். நடுவில் விற்றால் கையால் போட வேண்டும். எந்த மாதம் வரை என்று கேட்டு எழுத நினைத்திருந்த அன்று மகளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. முதலாளி அரைகுறையாக நின்ற அந்தக் கணக்கைத்தான் அச்செடுத்திருந்தார்.

நான் உள்ளே போனபோது நானா ஐஸ் அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். வழமையாக ஏதாவது பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிறவர். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"நானா, கணக்கு இன்னும் முடியேல்ல. விக்கிற மாதம்வரை தேய்வு போடோணும். லொறி எப்ப போனது?"

"நவம்பர்."

"நவம்பரில பேர் மாறினது எண்டு தெரியும். லொறி எப்ப வெளிய போனது?"

அவர் கையைத் துடைத்தார். "ஜூலை முடிவில. காசு முழுக்கக் கட்டிட்டு அவங்கட டிரைவர் வந்து எடுத்துக்கொண்டு போனான். ஓப்பன் பேப்பர்தான் குடுத்தது."

எங்கள் ஊரில் வாகனம் விற்றால் இதுதான் வழக்கம். விற்றவர் மாற்றப் பத்திரத்தில் திகதி போடாமல் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்கினவர் வசதிப்படி, சிலவேளை மாதக்கணக்கில் கழித்து, தன் பெயருக்கு மாற்றிக்கொள்வார். பத்திரத்தில் விழுகிற திகதி அந்த மாற்றத்தின் திகதி.

"தங்கச்சி, பேப்பரில நவம்பர்தானே கிடக்கு. அதைப் போடுங்களன்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். நவம்பர் முடிவு என்றால் எட்டு மாதம், நான்கு இலட்சம் தேய்வு. மார்ச்சில் இருபத்துநான்கு இலட்சமாக இருந்த ஏட்டுப் பெறுமதி இருபதாகிவிடும். இருபத்தொன்றரைக்கு விற்றது ஒன்றரை இலட்சம் இலாபம். ஜூலை முடிவு என்றால் நான்கு மாதம், இரண்டு இலட்சம். ஏட்டுப் பெறுமதி இருபத்திரண்டு. விற்றது ஐம்பதாயிரம் நட்டம்.

அவரும் என் முகத்திலிருந்து அதைப் படித்திருக்க வேண்டும். "எது எனக்கு நல்லது?"

"நவம்பர்."

"பிறகென்ன?"

பத்திரம் நவம்பரைத்தான் சொல்கிறது. யாரும் என்னைப் பிழை சொல்ல முடியாது. நான் புதிதாக வந்தவள், கையில் இருந்த தாளைப் பார்த்து எழுதினேன் என்று சொல்லலாம். அவருக்கு மூன்று பிள்ளைகள். மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்ன முதல் நாளே என்னை நேரத்தோடு அனுப்பிவைத்ததும் அவர்தான். ஒரு கணம் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஜூலைக்குப் பிறகு அந்த லொறி எங்களுக்கு ஒரு பெட்டி மீன்கூட ஏற்றவில்லை. காப்புறுதியும் அப்போதே நின்றுவிட்டது. இன்னொருவர் வீட்டில் நின்று தேய்ந்ததை எங்கள் தேய்வு என்று எப்படிப் போடுவது?

"நானா, லொறி கையை விட்டுப் போன நாள்தான் கணக்கு. அதுக்குப் பிறகு அது எங்கட சொத்து இல்லை. பத்திரத் திகதியைப் போட ஏலாது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்ப நான் இன்னும் அம்பதாயிரத்துக்குக் கள்ளன்."

மேசைக்குப் போய்ப் பதிவை எழுதினேன். தேய்வுச் செலவு இரண்டு இலட்சம், திரண்ட தேய்வில் இரண்டு இலட்சம். பிறகு அகற்றல் கணக்கில் திரண்ட தேய்வை முப்பத்தெட்டாக்கினேன். மிச்சம் ஐம்பதாயிரம், நட்டம். ஒரு பூச்சியம் குறைத்து அடித்து, அழித்து, திரும்ப அடித்தேன்.

முதலாளி தன் அறையில் இருந்தார். நானாவையும் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார். புதுத் தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"காலமை ரெண்டரை லட்சம். இப்ப அம்பதாயிரம். பின்னேரம் இன்னொருக்கா அடிச்சா லாபம் வருமோ பிள்ளை?"

"இல்லை ஐயா. காலமை நீங்கள் எடுத்தது முடியாத கணக்கு. ஏப்ரலில இருந்து ஜூலை வரை நாலு மாதத் தேய்வு போடேல்ல."

"ஏன் ஜூலை? பேப்பரில நவம்பரெல்லோ?"

நானா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"பேர் மாறினது நவம்பர். லொறியும் சாவியும் ஜூலையில போனது. காசும் அப்பவே முழுக்க வந்திட்டுது. முற்பணமெண்டு போட்டுக் கிடந்தது, அவ்வளவுதான்."

முதலாளி தாளைக் கீழே வைத்தார். "சரி. ஆனா தேய்வும் செலவுதானே? ரெண்டு லட்சம் தேய்வு, அம்பதாயிரம் நட்டம். கூட்டினா அதே ரெண்டரை லட்சம். என்ர லாபத்தில குறையிறது ஒண்டுதான். ஒரு பொக்கற்றில இருந்து மற்றதுக்கு மாத்திப்போட்டு எனக்குக் கதை சொல்றீரா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவர் சொன்னது கணக்கில் சரி. திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

"கூட்டினா அதேதான் ஐயா," என்றேன், மெதுவாக. "ஆனா அந்த ரெண்டு லட்சம் விக்கிறதால வந்ததில்லை. நாலு மாதம் அந்த லொறியில நாங்கள் மீன் ஏத்தினம், அதுக்கான செலவு. விக்காட்டியும் அந்த நாலு மாதத்துக்கு அது வந்திருக்கும். நானா விலை பேசினதுக்கு அம்பதாயிரத்தைத்தான் கேக்கலாம்."

"அதைத்தான் கேக்கிறன். அந்த அம்பதாயிரம் எங்க?"

நானா சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். "உங்கட மருமகன்ட காலுக்குக் கீழ, முதலாளி."

"என்ன?"

"போன வருசம் அவர் லொறியைப் பின்னுக்கு எடுக்கிறன் எண்டு இறங்குதுறை ஜெற்றித் தூணில குத்தினது மறந்திட்டீங்களா? பெட்டிக் கதவு நெளிஞ்சு குளிர் நிக்கல்ல. சிமெந்து பூசின மாதிரி டேப் ஒட்டி ஓடினம். வாங்க வந்தவன் கதவைத்தான் முதல்ல தட்டிப் பார்த்தான். அவன் இருபதுக்குத்தான் கேட்டவன். நான் ஒரு கிழமை அவன்ட கழுத்தைப் பிடிச்சு இருபத்தொண்டரைக்குக் கொண்டுவந்தனான். நீங்கதானே கையெழுத்து வைச்சீங்க!"

முதலாளி தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"ஐயா," என்றேன். "பத்து வருசமெண்டு நாங்கள் போட்டது ஒரு மதிப்பீடு. கதவு நெளிஞ்சது கணக்குக்குத் தெரியாது. நினைச்சதை விடக் கொஞ்சம் கூடத் தேய்ஞ்சிட்டுது, அது விக்கேக்க தெரியுது."

அவர் கைபேசியை எடுத்தார். இறக்கக்கண்டி வியாபாரியைத்தான் அழைக்கிறார் என்று புரிந்தது. நானா உண்மையைத்தான் சொன்னாரா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. நான் கணக்கைத்தான் அறிவேன், மனிதரை அல்ல.

"ஓம், நான்தான். லொறி எப்பிடி ஓடுது?... கதவோ?... எவ்வளவு செலவழிச்சனீங்கள்?... ஓ. எனக்கு எவ்வளவு தந்தனீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ... வேற ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கேல்லையோ?... சரி, சரி. இல்லை, சும்மா."

வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கதவு மாத்த ஒரு லட்சத்துக்கு மேல போனதாம். எனக்கு ஏசுறான்." பிறகு நானா பக்கம் திரும்பாமலே, "புது லொறிக்கு டயர் பாக்கோணும். காலமை நேரத்தோட வாரும்" என்றார்.

மன்னிப்பு என்று ஒன்றும் வரவில்லை. தாளில் சுருக்கமாகக் கையெழுத்து வைத்து என்னிடம் நீட்டினார். "கணக்காய்வாளருக்கு இதை அனுப்பும். காலமை எடுத்த தாளைக் கிழிச்சுப் போடும்."

வெளியே வந்தபோது நானா எனக்காகக் காத்திருந்தார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பீடி பற்ற வைக்கத்தான் நின்றிருந்தார்.

"லாபமெண்டு எழுதியிருந்தா, நான் இண்டைக்கு நெஞ்சை நிமித்திக்கொண்டு போயிருப்பன் தங்கச்சி."

"தெரியும் நானா."

"முதலாளிக்கே ஜூலை ஞாபகமில்ல. நவம்பரெண்டு போட்டாலும் விட்டிருப்பார்."

"விட்டிருந்தாலும்..."

"விடுங்க. பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

டெங்கு இல்லையாம் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு ஐஸ் கட்டிகள் சறுக்கி வரும் பக்கம் நடந்தார். அடுத்த சில நாட்கள் என்னுடன் வேலைக்குத் தேவையானதை மட்டும்தான் கதைத்தார். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருவர் தன் பெயரில் விழுந்த கறை முழுதாகத் துடைபட வேண்டும் என்று எதிர்பார்த்து நின்றபோது ஐம்பதாயிரத்தை அவர் பெயரோடு விட்டுவந்தவள் நான்.

பஸ்ஸில் இருந்துகொண்டு விரலை மடித்து எண்ணினேன். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போது இன்னொருமுறை. நான்கே வந்தது. உள்ளே கணவர் கதிரையிலேயே தூங்கிவிட்டிருந்தார். மகள் அவர் மடியில் வியர்த்துக் கிடந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது.